பழைய பிரிட்ஜ் போகும், பழைய பில் நிற்கும்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, தென்காசியில் தனியாக இருக்கிறார். போன மாதம் 28,000 ரூபாய்க்கு வாங்கிய பிரிட்ஜின் கதவில் பெரிய பள்ளம். கடைக்காரர் "எங்களிடமிருந்து போகும்போது நன்றாகத்தான் இருந்தது" என்று அப்பாவைப் பொய்யர்போல் பேசினார். அலையாய் அலையவிட்டு இப்போது வேறு பிரிட்ஜ் தருகிறேன் என்கிறார். வெள்ளிக்கிழமை வருகிறது. பள்ளத்தை அப்பா 14 படம் எடுத்து வைத்திருக்கிறார். மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? புது பிரிட்ஜ் வரும்போது அப்பா என்ன படம் எடுக்க வேண்டும்?

பதில்: வழக்கு வேண்டாம். மாற்றித் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள். 14 படத்திலும் ஒரு கதவும் ஒரு பள்ளமும்தான் இருக்கின்றன. அது எந்த பிரிட்ஜின் கதவு, பள்ளம் பெட்டிக்குள்ளேயே இருந்ததா, வீட்டுக்கு வந்தபின் விழுந்ததா என்பதற்கு அவற்றில் பதில் இல்லை. கடைக்காரர் பேசிய விதம் வருத்தம்தான். ஆனால் வழக்குப் போட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் கேட்கப்போவது சீரியல் எண்ணை.

அந்த எண் மூன்று இடத்தில் இருக்கும்: அட்டைப்பெட்டியின் ஸ்டிக்கர், பிரிட்ஜில் ஒட்டிய ரேட்டிங் பிளேட், பில். மூன்றும் ஒன்றாக இருப்பதைக் காட்டுவதற்குத்தான் படம் எடுக்கிறோம். வேறு எதற்கும் இல்லை.

பெட்டி வண்டியிலிருந்து இறங்கும் முன்பே முதல் படம். நிமிர்ந்து நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்று அதில் தெரிய வேண்டும். வாசலில் இறக்கியதும் நான்கு பக்கமும் ஒவ்வொரு படம். அடுத்தது மேல் மூடியின் டேப். ஸ்டிக்கரும் பிரிக்காத டேப்பும் ஒரே படத்தில் வந்தால் மிக நல்லது. வராவிட்டால், டேப்பில் தொடங்கி ஸ்டிக்கர்வரை நிறுத்தாமல் ஒரு வீடியோ. அப்பா ஒரு கையில் போனும் மறு கையில் கத்தியுமாக நிற்க வேண்டாம். பிரிப்பது வந்த ஆட்களின் வேலை, அவர் போனை மட்டும் பிடிக்கட்டும். டேப் அறுபடுவதிலிருந்து ரேட்டிங் பிளேட் தெரிவதுவரை வீடியோ ஒரே ஓட்டமாகப் போக வேண்டும். நடுவில் நிறுத்தித் தொடங்கினால், அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று கேட்க எதிர்த்தரப்பு வக்கீல் இருக்கிறார்.

ரேட்டிங் பிளேட் என்றால் பெரும்பாலும் வெறும் ஸ்டிக்கர்தான். உள்ளே காய்கறித் தட்டுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கலாம், பின்பக்கமும் இருக்கலாம். ஆகவே பிரிட்ஜைச் சுவரோரம் தள்ளுமுன், பிளக் சொருகுமுன் எடுத்துவிட வேண்டும். மாடல், சீரியல் எண், 230 V, 50 Hz, குளிரூட்டும் வாயுவின் பெயர் இவை சேர்ந்து இருப்பதுதான் அது. கதவில் பளிச்சென்று இருக்கும் நட்சத்திர லேபிளை எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பவர்கள் நிறைய. அது மின்சாரச் செலவைச் சொல்வது, உங்கள் பிரிட்ஜை அடையாளம் காட்டாது. கம்ப்ரசர்மேல் ஒட்டியிருப்பது கம்ப்ரசரின் எண், பிரிட்ஜினுடையது அல்ல.

ஒரு இடத்துக்கு இரண்டு படம். ஒன்று ஸ்டிக்கரை நெருங்கி, ஒன்று தள்ளி நின்று ஸ்டிக்கர் பிரிட்ஜின் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும்படி. நெருங்கிய படம் மட்டும் இருந்தால், அது எந்த இயந்திரத்தின் ஸ்டிக்கர் என்ற அதே கேள்வி திரும்பவும் வரும். பளபளப்பான ஸ்டிக்கரில் ஃபிளாஷ் அடித்தால் நடுவில் வெள்ளையாகி எண் மறைந்துவிடும். ஃபிளாஷை அணைத்து, ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் சாய்வாக நின்று, திரையில் எண்மேல் விரலால் தொட்டு, தெளிந்தபின் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததைப் பெரிதாக்கி, போனில் உங்களுக்கு எழுத்து எழுத்தாகப் படிக்கட்டும். 8-ம் B-யும், 0-வும் O-வும்தான் ஏமாற்றும்.

படங்களை வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த நேரம் போன்ற உள்விவரங்களும் போய்விடும். 'டாக்குமென்ட்' என்று அனுப்பச் சொல்லுங்கள். மூலப்படம் அப்பாவின் போனிலேயே இருக்கட்டும். போன் படம் போன்ற மின்னணு ஆதாரத்தோடு தர வேண்டிய, 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றில், கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். சுருங்கிய நகலின் ஹாஷ் மூலத்தோடு ஒத்துப்போகாது. நுகர்வோர் ஆணையம் சாட்சிய விதிகளில் அவ்வளவு கறாராக இருப்பதில்லை என்றாலும், மூலம் கையில் இருக்கும்போது எதற்கு வம்பு?

இவ்வளவும் எடுத்துவிட்டுப் பலர் தோற்கும் இடம் கையெழுத்து. டெலிவரி சலானில் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சிட்டிருக்கும். பெட்டியைப் பிரிக்கும் முன்பே நீட்டுவார்கள், "அடுத்த வீட்டுக்குப் போகணும் சார்" என்பார்கள். பிரித்துப் பார்க்கும்வரை ஆட்கள் நிற்கவில்லை என்றால், கையெழுத்துக்குப் பக்கத்தில் தமிழிலேயே "பெட்டி பிரிக்கவில்லை, உள்ளே பார்க்கவில்லை" என்று எழுதி, சலானையும் படம் எடுக்க வேண்டும். ஓடிபி கேட்டால் அதுவும் கையெழுத்துதான். பார்த்தபின் சொல்லட்டும்.

உங்கள் விஷயத்தில் இதைவிடப் பெரிய குழி ஒன்று இருக்கிறது. மாற்றித் தரும்போது பிரிட்ஜ் மாறும், பில் மாறாது. பில்லில் பழைய சீரியல் எண் நிற்கும். அடுத்த கோடையில் கம்ப்ரசர் போனால் சர்வீஸ் ஆள் எண்ணைப் பார்ப்பார், பில்லைப் பார்ப்பார், "இது வேறு மெஷின், வாரண்டி கிடையாது" என்பார். அவர் சொல்வதில் அப்போது தப்பு சொல்ல முடியாது. எனவே புதுப் பில், அல்லது "இன்ன எண்ணுள்ள பிரிட்ஜுக்குப் பதிலாக இன்ன எண்ணுள்ளது இன்ன தேதியில் தரப்பட்டது" என்று இரண்டு எண்ணும் போட்டு, கடை முத்திரையோடு ஒரு கடிதம் வாங்குங்கள். புது வாரண்டி கார்டிலும் எண்ணும் முத்திரையும் வேண்டும். பழைய பிரிட்ஜைத் திருப்பித் தருமுன் அதன் பிளேட்டையும் அதே மாதிரி படம் எடுத்துவிடுங்கள்.

இதோடு சேர்த்துக் கடைக்காரர் ஒரு சமரசத் தாளில் கையெழுத்துக் கேட்பார். கொடுக்கலாம். "இந்தக் கொள்முதல் தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருந்தால் மட்டும் கூடாது. புது பிரிட்ஜும் அதே கொள்முதல்தான். பழைய சீரியல் எண்ணைக் குறிப்பிட்டு, "அதன் கதவுப் பள்ளம் பற்றிய புகார் மட்டும் தீர்ந்தது" என்று திருத்தச் சொல்லுங்கள். ஒரு லட்சத்தை இந்த இடத்தில் விட்டுவிடுங்கள். கிடைக்காத லட்சத்துக்காக, கிடைக்கவிருக்கும் பிரிட்ஜைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பெட்டியில் டேப் இரண்டு அடுக்காக ஒட்டியிருந்தால் மட்டும் பதற வேண்டாம், கடையில் திறந்து பார்த்திருக்கலாம். படம் எடுத்துக்கொண்டு பிரிக்கலாம். ஸ்டிக்கர்மேல் ஸ்டிக்கர் இருந்தாலோ, பெட்டியின் எண்ணும் பிளேட்டின் எண்ணும் வேறாக இருந்தாலோ ஏற்கக் கூடாது. வேறொருவர் திருப்பித் தந்ததாக இருக்கலாம். சலானில் "எண் பொருந்தவில்லை, திருப்பி அனுப்புகிறேன்" என்று எழுதி, படம் எடுத்து, அதே வண்டியில் ஏற்றிவிடச் சொல்லுங்கள். எண் பொருந்தினால், பெட்டியிலிருந்து ஸ்டிக்கர் உள்ள பக்கத்தை மட்டும் வெட்டிப் பில்லோடு வைத்துக்கொள்ளட்டும். மீதி அட்டையும் தெர்மாகோலும் கடை திருப்பி எடுக்கும் கெடு முடியும்வரை பரணில் கிடக்கட்டும்.