நூறு ரூபாய்ச் சீட்டுக்கு 38 ரூபாய்

கேள்வி: எங்கள் பகுதிப் பொங்கல் விழாவில் குலுக்கல். சீட்டு 100 ரூபாய், மொத்தம் 1,000 சீட்டு. முதல் பரிசு 25,000 ரூபாய் ஃபிரிட்ஜ், இரண்டு பேருக்கு 4,000 ரூபாய் மிக்ஸி, பத்துப் பேருக்கு 500 ரூபாய் டிபன் கேரியர். பத்துச் சீட்டு வாங்கினால் ஏதாவது தேறுமா?
– ஒரு வாசகர், தாராவி, மும்பை

பதில்: தேறாது. பரிசுகளின் விலையைக் கூட்டிப் பாருங்கள்: 25,000, மிக்ஸிக்கு 8,000, கேரியருக்கு 5,000, ஆக 38,000. ஆயிரம் சீட்டுக்கும் பங்கிட்டால் சீட்டுக்கு 38 ரூபாய். மீதி 62 ரூபாயை விழாவுக்கு நன்கொடை என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த 38-ம் யார் கைக்கும் வராது, அது வெறும் சராசரி. 13 சீட்டுக்குப் பரிசு, 987 சீட்டு குப்பைக்கு. பத்து வாங்கினாலும் நூற்றுக்கு 88 பங்கு வெறுங்கைதான். சராசரி நஷ்டம் மட்டும் பத்து மடங்காகி 620 ரூபாய் ஆகும்.

விழாக் கமிட்டிக்கு அதிர்ஷ்டமே வேண்டாம். ஃபிரிட்ஜ் யார் வீட்டுக்குப் போனாலும் செலவு அதே 38,000. சீட்டு அச்சடிக்க 2,000 என்று வைத்தால் 40,000. அதாவது 400 சீட்டு விற்றதும் போட்ட முதல் திரும்பிவிடும்; அதற்கு மேல் வரும் ஒவ்வொரு நூறும் மிச்சம். பாத்திரக்கடைக்காரர் தன் கடைப் பெயரைப் போடச் சொல்லிக் கேரியர்களைச் சும்மா கொடுத்திருந்தால் 350 சீட்டே போதும். உங்கள் 38 அப்போதும் 38-தான்.

அவர்கள் பயப்படுவது டிரம்மைப் பார்த்தல்ல, விற்காமல் கிடக்கும் சீட்டுக் கட்டைப் பார்த்து. 300 சீட்டுதான் விற்றது, விற்றதை மட்டுமே டிரம்மில் போட்டார்கள் என்றால் 38,000-ஐ 300 பேர்தான் பங்கு போடுகிறார்கள். ஒரு சீட்டுக்குச் சராசரி ஏறக்குறைய 127 ரூபாய்! கமிட்டிக்கு 10,000 நஷ்டம். இதைத் தவிர்க்கச் சிலர் செய்யும் வேலை, விற்காத சீட்டின் அடிக்கட்டையையும் உள்ளே போட்டுவிடுவது. ஃபிரிட்ஜ் பத்துக்கு ஏழு பங்கு அவர்களிடமே தங்கிவிடும். உங்கள் சராசரி மறுபடி 38-க்கு இறங்கிவிடும். ஆகவே எத்தனை விற்றது, டிரம்மில் எத்தனை அடிக்கட்டை போட்டார்கள் என்று குலுக்கும் முன்பே மேடையில் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் காரணம் புரிந்துவிடும்.

ஃபிரிட்ஜே விழுந்துவிட்டது என்று வையுங்கள். 10,000 ரூபாயைத் தாண்டும் குலுக்கல் பரிசுக்கு 30 சதவீதம் வருமான வரி உண்டு. பரிசு பொருளாக இருந்தால், வரி கட்டியானபிறகே அதை ஒப்படைக்க வேண்டும். கமிட்டி அந்த வரியை ஏற்காவிட்டால் 7,500 ரூபாயை நீங்கள் எண்ணி வைத்தாக வேண்டும். அதையும் கழித்தால் உங்கள் சீட்டின் சராசரி 30 ரூபாய் 50 காசு. மாடிக்குத் தூக்கும் கூலி தனி.