மழை விட்டாச்சு, தண்ணீர் விட்டாச்சு

"அக்கா, நர்ஸாக இங்கிலாந்தின் யார்க்‌ஷருக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. ஓஇடி ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண்தான். ஆனால் வார்டில் பேசுவது பாதி புரியவில்லை. எல்லாம் 'கோ ஆஃப்', 'கம் ரவுண்ட்', 'பிரிங் அப்' என்று போகிறது. இந்த மாதிரி ஃபிரேசல் வெர்ப்களின் பட்டியல் ஒன்றை இறக்கி, தினமும் 20 மனப்பாடம் செய்கிறேன். மறுநாள் வார்டில் நின்றால் ஒன்றும் உதவுவதில்லை. நீங்கள் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?"

தங்கச்சி, முதலில் அந்தப் பட்டியலை ஓரமாக வையுங்கள். அது ஏன் உதவாது என்பதற்கு, நான் வந்த முதல் குளிர்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

இரவுப் பணி. நான் மருந்து வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். கூட வேலை செய்தவர் என்னைக் கடந்து ஓடியபடியே, "தி அலாம்ஸ் கான் ஆஃப் இன் பே த்ரீ" என்றார். மூன்றாம் பகுதியில் ஒரு பாட்டி இருந்தார். நடந்தால் விழுந்துவிடுவார் என்பதற்காக, எழுந்தால் சத்தம் போடும் சென்சாரை அவர் படுக்கையில் வைத்திருந்தோம். எனக்கு 'ஆஃப்' என்றால் ஒரே பொருள்தான்: ஃபேன் ஆஃப், லைட் ஆஃப், மோட்டார் ஆஃப். சத்தம் நின்றுவிட்டது, பாட்டி படுத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு என் வேலையைத் தொடர்ந்தேன். அவர் சொன்னதோ நேர் எதிர்: அலாரம் அடிக்கிறது. பாட்டி கட்டிலின் கால்மாட்டில் தள்ளாடி நின்றிருக்கிறார். ஓடியவர் சரியான நேரத்தில் பிடித்துக்கொண்டார். விழுந்திருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கும். அன்று இரவு முழுக்க என் கை நடுங்கியது.

'கோ ஆஃப்' என் பட்டியலில் இல்லாமல் இல்லை. ஐந்து பொருள்களோடு இருந்தது: வெடித்தல், ஒலித்தல், அணைதல், கெட்டுப்போதல், பிடிக்காமல் போதல். ஐந்தையும் ஒப்பித்திருப்பேன். ஓடுகிற ஒருவரின் வாயிலிருந்து வரும்போது ஐந்தில் எது என்று தேட அரை நொடிகூட இல்லை. சரியானதை எடுக்க எந்தத் துப்பும் பட்டியலில் கிடையாது.

துப்பு பக்கத்துச் சொல்லில் இருக்கிறது. இது நமக்குப் புதிதே அல்ல. 'விடு' என்ற நம் சொல்லையே பாருங்கள். மழை விட்டாச்சு என்றால் மழை நின்றுவிட்டது. குழாயில் தண்ணீர் விட்டாச்சு என்றால் தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டது, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டாச்சு, மூச்சு விடு, கதை விடாதே, பட்டம் விடு. இவற்றை யாரும் நமக்குப் பட்டியலாகக் கொடுக்கவில்லை. மழையோடு கேட்டோம், குடத்தோடு கேட்டோம். 'விடு' தனியாக நம் மூளையில் இல்லை, ஜோடியோடுதான் இருக்கிறது.

ஆங்கிலத்திலும் அதேதான். அலாரம் 'வென்ட் ஆஃப்' என்றால் அடித்தது. லைட் 'வென்ட் ஆஃப்' என்றால் அணைந்தது. பால் 'கான் ஆஃப்' என்றால் கெட்டுப்போனது. "ஷீஸ் கான் ஆஃப் ஹெர் ஃபுட்" என்றால் அந்த அம்மாவுக்குச் சாப்பாட்டில் நாட்டமே இல்லை என்று பொருள். நீங்கள் படிக்க வேண்டியது 'கோ ஆஃப்' என்ற ஒன்றை அல்ல. அலாரம்-கோ-ஆஃப் ஒன்று, பால்-கோ-ஆஃப் வேறொன்று. இரண்டும் தனித்தனிச் சொற்கள் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

அலாரம் விஷயம் எனக்கு எப்படி ஆழமாகப் பதிந்தது தெரியுமா? அடுத்த வாரம் பஸ்ஸில் ஒரு பெண் தோழியிடம், தெருவில் ஒரு காரின் அலாரம் 'கோயிங் ஆஃப் ஆல் நைட்', அதனால் கண்ணே மூடவில்லை என்று புலம்பினார். நின்றுபோன அலாரத்தால் யாருக்கும் தூக்கம் கெடாது. அந்த வாக்கியத்தில் வேறு பொருளுக்கு இடமே இல்லை. இப்படிப் பொருள் ஒரே பக்கமாக மட்டும் திறக்கிற வாக்கியம் ஒன்று கிடைத்தால், அது நூறு பட்டியலுக்குச் சமம். "தி மில்க்ஸ் கான் ஆஃப்" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் பாலைத் தொட்டியில் ஊற்றுவதைப் பார்த்தால் அகராதி தேவையே இல்லை. நான் தேடிக் குறித்துவைத்தது இந்த மாதிரி வாக்கியங்களைத்தான்.

குறிப்பதற்கு ஒரு சின்ன நோட்டு போதும். நான் மூன்று வரி எழுதுவேன். காதில் விழுந்த முழு வாக்கியம், தமிழ் எழுத்திலேயே. யார், எங்கே, எதைப் பற்றிச் சொன்னார் என்பது அடுத்தது. மூன்றாவது, அதற்குப் பிறகு என்ன நடந்தது. பொருள் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுவிடுவேன். ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் எழுதியதில்லை. அதே சொல் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை காதில் விழும்போது பொருள் தானாகத் தெளியும். அப்போதுதான் பென்சிலால் எழுதி, அகராதியில் ஒப்பிட்டுப் பார்ப்பேன். அகராதியை முதலில் திறந்தால் மறுபடி பட்டியலுக்கே போய்விடுவோம். இதில் நோயாளியின் பெயரோ படுக்கை எண்ணோ வரவே கூடாது, 'ஒரு பாட்டி' என்று எழுதினால் போதும்.

கேட்பதற்கு, ஷிப்ட் மாறும்போது நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைக்கிற ஹேண்ட்ஓவரை விட நல்ல இடம் இல்லை. தினமும் ஒரே மாதிரி விஷயம், ஒரே வரிசை, ஒரே சொற்கள். நோயாளியின் நிலை உங்களுக்கு முன்பே தெரியும், அதனால் சொல்லின் பொருளை அங்கிருந்து பிடித்துவிடலாம். ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்கள் என்று உங்களுக்குத் தெரிந்த நோயாளியைப் பற்றி "ஹீஸ் கம் ஆஃப் தி ஆக்ஸிஜன்" என்பார்கள். ஆன்டிபயாடிக் தொடங்கியவரை 'புட் ஆன்' என்பார்கள். "ஹீஸ் பிக்ட் அப் எ பிட்" என்றால் கொஞ்சம் தேறியிருக்கிறார். "அப் அண்ட் டவுன் ஆல் நைட்" என்றால் ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து படுத்திருக்கிறார். இரண்டு வாரம் இதை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.

கேட்கும்போது காதை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். நாம் வினைச்சொல்லைத்தான் பிடிக்கப் பார்க்கிறோம். இவர்களோ அழுத்தத்தைப் பெரும்பாலும் கடைசிச் சின்னச் சொல்லில் வைக்கிறார்கள். அப், ஆஃப், அவுட், டவுன். அதோடு எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். "ஐ பிராட் இட் அப்" என்பது காதில் 'பிராடிடப்' என்று ஒரே சொல்லாக விழும். அழுத்தம் விழுகிற அந்த முடிவை விட்டுவிட்டால் சொல்லே போய்விட்டது என்று அர்த்தம். நோட்டிலும் நான் அப்படியே, ஒட்டியபடியே எழுதுவேன். நடுவில் இருக்கிற அந்த 'இட்' நகராது என்பதும் அப்படித்தான் பழகியது. 'பிராட் அப் இட்' என்று யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை, அதனால் என் வாயிலும் வரவில்லை. இலக்கணப் புத்தகத்தில் அந்த விதியை நான் பார்த்தது ரொம்பப் பின்னால்தான்.

'பிரிங் அப்' பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதையே ஒரு தடவை முழுதாகப் பார்ப்போம். ஒரு தாத்தா, "ஐ ஹேட் மை டீ, அண்ட் ஐ பிராட் இட் ஆல் அப்" என்கிறார். யார்க்‌ஷரில் பலருக்கு 'டீ' என்பது மாலைச் சாப்பாடு, தேநீர் மட்டும் அல்ல. வளர்த்தார், பேச்சில் எடுத்தார் என்ற பொருள்கள் உங்கள் பட்டியலில் இருக்கும். ஆனால் சாப்பிட்ட சாப்பாட்டை யாரும் வளர்க்க முடியாது. பக்கத்தில் கிண்ணம் இருக்கிறது, முகம் வெளுத்திருக்கிறது. வாந்தி எடுத்திருக்கிறார். சரி, இது ஊகம்தான். நோயாளி விஷயத்தில் ஊகத்தோடு நிற்கக் கூடாது. சாதாரண ஆங்கிலத்தில் திருப்பிக் கேளுங்கள்: சாப்பிட்டதை வாந்தி எடுத்தீர்களா, எத்தனை தடவை, என்ன நிறம்? அவர் "யெஸ் லவ்" என்பார். உங்கள் ஊகம் அந்த நொடியே உறுதியாகிவிடும், சொல்லும் மனதில் நின்றுவிடும். அப்புறம் "ஐ கான்ட் கீப் எனிதிங் டவுன்" என்பார். உள்ளே எதுவும் தங்கவில்லை என்கிறார். மேலே வந்தது 'அப்', கீழே தங்குவது 'டவுன்'. இரண்டும் ஒரே காட்சியில் கிடைத்துவிட்டன.

'அப்', 'ஆஃப்' இவற்றின் அடிப்படைப் பொருளைப் பிடித்தால் எல்லாம் விளங்கிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆஃப் என்றால் பிரிதல் என்று வைத்துக்கொண்டால் ஆக்ஸிஜனிலிருந்து வருவதும் சாப்பாட்டை வெறுப்பதும் விளங்கும். அலாரம் விளங்காது. பின்னால் நினைவில் வைக்க அது உதவும், முதல் தடவை கேட்கும்போது அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

மரபுத்தொடர்கள் நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பேச்சில் வருவதில்லை. வார்டில் இரண்டை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டும் லேசாக ஒலித்து ஆளை ஏமாற்றும். "ஷீ ஹேட் எ ஃபன்னி டேர்ன்" என்றால் வேடிக்கை எதுவும் இல்லை, திடீரென்று தலைசுற்றலோ மயக்கமோ வந்திருக்கிறது. உடனே போய்ப் பாருங்கள், ரத்த அழுத்தம் பாருங்கள். "இட் வாஸ் டச் அண்ட் கோ" என்றால் பிழைப்பாரா மாட்டாரா என்று இருந்தது. இதைச் சொல்கிற உறவினரிடம் புன்னகையோடு தலையாட்டிவிடக் கூடாது.

பேசுவதற்கு அவசரம் வேண்டாம். புரிந்துகொள்வது முதலில் வரட்டும். நானே ஏழெட்டு மாதம் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். பத்துத் தடவைக்கு மேல், வேறு வேறு ஆட்கள் வாயில் கேட்ட சொல்லைத்தான் நான் எடுத்துப் பேசினேன். அந்த அளவு கேட்டபின் அழுத்தமும் ஜோடியும் தானாகச் சரியாக வந்தன. எழுதும்போது மட்டும் இவற்றைக் கொண்டுவராதீர்கள். தாத்தா 'பிராட் இட் அப்' என்று சொன்னாலும், குறிப்பில் வாமிட்டட், இத்தனை மில்லிலிட்டர், இந்த நிறம் என்றுதான் இருக்க வேண்டும். அடுத்த ஷிப்டில் அதைப் படிப்பவரும் உங்களைப் போல ஆறு வாரத்துக்கு முன்னால் வந்தவராக இருக்கலாம்.

'கம் ரவுண்ட்' பற்றிச் சொல்லாமல் விட்டது வேண்டுமென்றுதான். நாளைக்கு அறுவை சிகிச்சை முடிந்து வருகிறவரைப் பற்றி ஒரு தடவை கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் வீட்டுக்குப் போவதாக ஒரு மகள் சொல்லும்போது இன்னொரு தடவை கேட்பீர்கள். இரண்டையும் முழு வாக்கியமாக நோட்டில் எழுதிவைத்து, என்ன புரிந்தது என்று எனக்குச் சொல்லுங்கள்.