‘இம்முறை இயலவில்லை’ என்ற மின்னஞ்சலுக்கு என்ன பதில் எழுதுவது?

*பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் வேலைக்கு இரண்டு சுற்று நேர்காணல் முடித்தேன். நேற்று, ‘இம்முறை உங்களைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை’ என்று மின்னஞ்சல் வந்தது. பதில் எழுதலாமா? காரணம் கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களா? அடுத்த காலியிடத்துக்கு என்னை நினைவில் வைத்திருக்கச் சொல்வது எப்படி?*
*— வாசகி, பட்டர்வெர்த்*

எழுதுங்கள், நாளைக்குள். உங்களை நேர்காணல் செய்த மேலாளர் சொன்னது மனிதவள அதிகாரிக்கு இன்னும் மறந்திருக்காது. இரண்டு வாரம் கடந்தால் அவர் வேறு பதவிகளுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார். வந்த மின்னஞ்சலுக்கே பதில் அனுப்பினால், எந்தப் பதவி என்று அவர் தேட வேண்டியதில்லை. அனுப்புநர் முகவரியில் noreply என்று இருந்தால் மட்டும், நேர்காணலுக்கு நேரம் குறித்துக் கொடுத்தவருக்குத் தனியாக எழுதுங்கள்.

காரணம் கேட்பதில் தவறில்லை. கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நான் ஆள்சேர்ப்பில் இருந்த காலத்தில், ‘ஏன் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை?’ என்று வந்த மின்னஞ்சல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் எழுதியதில்லை. அகம்பாவம் அல்ல. எடுத்த முடிவுக்கு எழுத்தில் விளக்கம் கொடுத்தால் அது நிறுவனத்தின் வாக்குமூலமாகிவிடும். அடுத்த நாள் அதை வைத்தே வாதாட ஒருவர் வருவார். ‘அடுத்த முறைக்குள் நான் எதைக் கற்றுக்கொண்டு வர வேண்டும்?’ என்று கேட்டவர்களுக்கு இரண்டு வரியாவது எழுதிவிடுவேன். முடிவைப் பற்றி எதுவும் சொல்லாமலே அதற்குப் பதில் சொல்லிவிடலாம்.

அதிலும், நேர்காணலில் நீங்கள் தடுமாறிய இடத்தை நீங்களே சுட்டிவிடுங்கள். வாடிக்கையாளர் புகாரை எப்படிக் கையாள்வீர்கள் என்ற கேள்வியில் திணறினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்திலோ மலாயிலோ அனுப்பும் உங்கள் பதிலின் பொருள் இப்படி அமையலாம்:

> முடிவைத் தெரிவித்ததற்கு நன்றி. இரண்டாம் சுற்றில் உற்பத்திக் கூடத்தைச் சுற்றிக்காட்டி விளக்கியது எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது.
>
> ஒரே ஒரு கேள்வி: வாடிக்கையாளர் புகார்களைக் கையாள்வதில் எனக்கு அனுபவம் குறைவு என்று எனக்கே தோன்றியது. இது போன்ற பதவிக்கு மீண்டும் விண்ணப்பிக்கும் முன் அதில் கவனம் செலுத்தலாமா, வேறு ஏதேனும் முக்கியமா? ஒரு வரி எழுதினாலும் போதும்.
>
> தரக் கட்டுப்பாடு, உற்பத்திப் பொறியியல் ஆகியவற்றில் காலியிடம் வந்தால் தெரிவியுங்கள். இப்போதைய வேலையை விட்டு விலக எனக்கு ஒரு மாத முன்னறிவிப்பு போதும். அத்தகைய காலியிடங்களுக்காக என் விவரங்களை வைத்திருக்கச் சம்மதிக்கிறேன்.

கடைசிப் பத்தியைச் சடங்கு என்று விட்டுவிடாதீர்கள். தேர்வானவர் வேலையில் சேராமலோ நிலைக்காமலோ போவது அடிக்கடி நடக்கிறது: பழைய முதலாளி சம்பளத்தைக் கூட்டித் தக்கவைத்துக்கொள்வார், அல்லது தகுதிகாண் காலத்திலேயே இவர் விலகிவிடுவார். அப்போது மனிதவள அதிகாரி புதிதாக விளம்பரம் செய்வதற்கு முன் பழைய பட்டியலைத்தான் புரட்டுவார். எப்போது சேர முடியும் என்பது அங்கே எழுதியிருந்தால் முதல் அழைப்பு உங்களுக்கு வர வாய்ப்பு அதிகம். சம்மதத்தை எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பெற்ற நோக்கம் நிறைவேறிய பின் ஒருவரின் விவரங்களைத் தேவையின்றி வைத்திருக்கக் கூடாது. நீங்கள் சம்மதித்திருந்தால் அவர்களுக்கும் தயக்கம் இருக்காது.

பதில் வந்தால் அதை எடைபோட்டுப் படியுங்கள். ‘உங்களைவிடப் பொருத்தமானவர் கிடைத்தார்’ என்பது மரியாதை வார்த்தை. அதில் தேடுவதற்கு ஒன்றுமில்லை. ‘வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசிய அனுபவம் எதிர்பார்த்தோம்’ என்றால் அதுதான் சரக்கு. அது நியாயமில்லை என்று பட்டாலும் நன்றி சொல்லி ஒரு வரியில் முடியுங்கள். மறுப்பு எழுதினால் உங்கள் பெயர் வேறு காரணத்துக்காக நினைவில் நிற்கும். பதிலே வராவிட்டால் நினைவூட்ட வேண்டாம். புலனத்தில் போய்த் தட்டுவதும் வேண்டாம்.

இந்த வேலை ஒரு முகவை வழியாக வந்திருந்தால் கதை வேறு. தொழிற்சாலை சொன்ன காரணம் அந்த முகவரிடம் இருக்கும், உங்களை வேறோர் இடத்தில் சேர்த்தால்தான் அவருக்கும் வருமானம். ஆகவே அவருக்குத் தொலைபேசியில் அழைத்தே கேளுங்கள். எழுதத் தயங்குவதை வாய்விட்டுச் சொல்வார். அவரைத் தாண்டித் தொழிற்சாலைக்கு நேராக எழுதினால் இரண்டு பக்கமும் முகம் சுளிக்கும்.

மூன்று மாதம் கழித்து உங்களிடம் புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால், அதே மின்னஞ்சல் தொடரில் ஒரு வரி சேர்த்து அனுப்பலாம்: ‘அன்று நீங்கள் சொன்னபடி புகார் விசாரணைக் குழுவில் சேர்ந்திருக்கிறேன், புதிய சுயவிவரம் இணைத்துள்ளேன்.’