தில்லிப் பனிக்காலத்தில் காலை நடை

“அப்பச்சிக்கு 68 வயது, ஆஸ்துமா. டிசம்பரில் தில்லியில் அண்ணன் வீட்டுக்குப் போகிறார். காலை 5 மணி நடையை விடமாட்டேன் என்கிறார்.”

நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். காரைக்குடியில் 5 மணிக் காற்று சுகம். தில்லிப் பனிக்காலத்தில் அதுதான் மோசமான வேளைகளில் ஒன்று. இரவில் தரை குளிர்ந்துவிட, வெதுவெதுப்பான காற்று மேலே மூடிபோல் படுத்துக்கொள்ளும். புகை கீழேயே தேங்கும். வெயில் ஏறினால்தான் மூடி கலையும். அதனால் பிற்பகல் 2 முதல் 4க்குள் நடக்கட்டும்.

மத்திய அரசின் சமீர் செயலியில் காற்றுத் தர எண் 200ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே நடப்பது நல்லது. டிசம்பரில் அப்படிப்பட்ட நாட்களே அதிகம்.

என் மாமா அங்கே மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு விடியலில் நடந்தார்; மூன்றாம் நாள் இழுப்பு வந்துவிட்டது. துண்டு நுண்துகளைத் தடுக்காது. கன்னத்தில் இடைவெளியில்லாமல் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும், தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும். இன்ஹேலர் அளவை மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.