கத்தும் கடிதத்தை எப்படி அடக்குவது?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் நான். எங்கள் பள்ளியில் 42 பேர்தான் படிக்கிறார்கள். மாவட்டப் போட்டியில் எங்கள் பெண் பிள்ளைகள் அஞ்சலோட்டத்தில் தங்கம் வென்றார்கள். கடைசியாக ஓடிய பிள்ளை இரவல் சப்பாத்தில் ஓடியது. மூன்றாவதாக இருந்த அணியை முதலாவதாக்கியது. "ஓடும்மா" என்று கத்தியே டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சப்பாத்து வாங்க உதவி கேட்டு மலாயில் ஒரு கடிதம் எழுதினேன். முழுக்கப் பெரிய எழுத்து, வரிக்கு வரி மூன்று ஆச்சரியக்குறி. கடிதம் கத்துகிறது என்று தலைமையாசிரியர் திருப்பித் தந்தார். குறிகளை எடுத்தால் செத்துப்போகிறது. என்ன செய்வது?

பதில்: அம்மா, கேள்வியோடு அனுப்பிய கடிதத்தையும் படித்தேன். அதில் "வரலாறு படைத்தோம்", "நம்ப முடியாத வெற்றி", "கண்ணீர் வந்துவிட்டது" என்று மூன்று வரிகள். மூன்றிலும் குறிகள் குவிந்திருக்கின்றன. ஆனால் இரவல் சப்பாத்து அதில் இல்லை. மூன்றாவது இடம் இல்லை, டீச்சரின் தொண்டையும் இல்லை. அவை எல்லாம் எனக்கு எழுதிய கேள்வியில், ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லாமல் இருக்கின்றன. எனக்குச் சிலிர்த்தது அதைப் படித்தபோதுதான்.

அதனால் குறிகளை உடனே அழிக்காதீர்கள். ஒவ்வொரு குறியிலும் நின்று, "இந்த இடத்தில் திடலில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் குறியை எடுத்துவிட்டு அந்தப் பதிலை எழுதுங்கள். பதில் இல்லையென்றால் அந்த வரியே தேவையில்லை. "நம்ப முடியாத" என்று ஏன் எழுதினீர்கள்? குச்சி கடைசிப் பிள்ளையின் கைக்கு வந்தபோது முன்னால் இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதைச் சொல்லிவிட்டால் நம்ப முடியாதது என்பதைப் படிக்கிறவரே சொல்லிக்கொள்வார். "வரலாறு" என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது 42 என்ற எண். அந்த எண்ணை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள்.

பெரிய எழுத்தை மாற்றக் கடிதத்தை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம். வேர்டில் முழுவதையும் தேர்ந்தெடுத்து, `Home` பட்டையில் உள்ள `Aa` பொத்தானை அழுத்தி `Sentence case` கொடுங்கள். வாக்கியத்தின் முதல் எழுத்து மட்டும் பெரிதாக நிற்கும். ஆனால் அதற்கு ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் தெரியாது. பேராக், பள்ளியின் பெயர், பிள்ளைகளின் பெயர் எல்லாம் சின்ன எழுத்தாகிவிடும், சுருக்கப் பெயர்களும் அப்படித்தான். அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் திருத்துங்கள். பிள்ளையின் பெயர் சின்ன எழுத்தில் போனால் பெற்றோர் மனம் நோகும்.

இன்னொரு பொறி, `Ctrl+H` கொண்டு ஆச்சரியக்குறிக்குப் பதில் முற்றுப்புள்ளி வைப்பது. மூன்று குறி மூன்று புள்ளியாகிவிடும். கத்திய வாக்கியம் இப்போது இழுத்து முனகும். முதலில் `!!` என்று தேடி `!` என்று மாற்றுங்கள். இரட்டைக்குறி ஒன்றும் இல்லை என்று வரும்வரை திரும்பச் செய்யுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்தப் பழக்கத்துக்கு உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பள்ளிப் பதிவோ வங்கிக் கணக்கோ, எந்தப் படிவத்தை எடுத்தாலும் 'பெரிய எழுத்தில் நிரப்பவும்' என்றுதான் போட்டிருக்கும். கையெழுத்து புரிய வேண்டும் என்பதற்காகக் கட்டத்துக்கு ஓர் எழுத்து வைத்த ஏற்பாடு அது. அதையே ஆயுள் முழுக்க எழுத வைத்துவிட்டு, கடிதத்தில் அப்படி எழுதினால் மரியாதை தெரியவில்லை என்கிறார்கள். எது எங்கே என்று ஒருவரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை.

கடிதத்தில் பெரிய எழுத்து வரக்கூடிய ஓர் இடத்தை நான் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். அதிகாரபூர்வ மலாய்க் கடிதத்தில் விளிக்குக் கீழே வருகிற தலைப்பு வரி பெரிய எழுத்தில் இருக்கலாம். அந்த ஒரே வரிதான். அது விஷயத்தைச் சொல்லும் வரி, எனவே முடிவில் முற்றுப்புள்ளியும் வேண்டாம், ஆச்சரியக்குறியும் வேண்டாம். 'அஞ்சலோட்ட அணிக்குச் சப்பாத்து உதவி கோருதல்' என்று இருந்தால் போதும். அதைப் பெரிய எழுத்தில் போட்டால் தடித்த எழுத்தும் அடிக்கோடும் சேர்க்காதீர்கள். தடித்த எழுத்து போதும் என்றால் பெரிய எழுத்தை விட்டுவிடுங்கள். அரசாங்கக் கடிதங்களின் அடியில் மேற்கோள் குறிக்குள் பெரிய எழுத்தில் வருகிற முழக்கங்கள் அவர்களுக்கானவை. சப்பாத்து வாங்க உதவி கேட்கும் சங்கம் அவற்றைப் பார்த்து எழுதத் தேவையில்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. கடிதத்தைத் திருப்பித் தந்ததும், "என்னிடம் கொடுங்கள், நல்ல மலாயில் போட்டுத் தருகிறேன்" என்று ஒருவர் வருவார். தட்டச்சுக் கடை, பிரிண்டிங் கடைப் பக்கம் இப்படி ஆள் இல்லாத ஊர் கிடையாது. 50 ரிங்கிட் வாங்கிக்கொண்டு, ஏற்கெனவே கணினியில் வைத்திருக்கும் கடிதத்தில் உங்கள் பள்ளிப் பெயரை மட்டும் மாற்றித் தருவார். 'மேற்கண்ட விஷயம் தொடர்பாக', 'தங்களின் மேலான கவனத்துக்கு' என்று வழுவழுப்பாக இருக்கும். கத்தல் போயிருக்கும், கூடவே பிள்ளைகளும் போயிருப்பார்கள். கண்டுபிடிப்பது எளிது. பள்ளிப் பெயரை விரலால் மறைத்துவிட்டு, இதே கடிதத்தைப் பக்கத்துத் தோட்டப் பள்ளி அனுப்ப முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் அந்தக் கடிதத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். மலாய் எழுத்துப்பிழை பார்க்க வேண்டுமென்றால் உங்கள் பள்ளி மலாய் ஆசிரியரிடம் கேளுங்கள். வாக்கியங்களை மாற்றாமல் பிழையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருவோம். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"எங்கள் பள்ளியில் 42 பேர் படிக்கிறார்கள். அவர்களில் நான்கு பெண் பிள்ளைகள் மாவட்டப் போட்டியின் 4 x 100 மீட்டர் அஞ்சலோட்டத்தில் தங்கம் வென்றார்கள். கடைசி வளைவு முடிந்து நான்காவது மாணவியின் கைக்குக் குச்சி வந்தபோது நாங்கள் மூன்றாவது இடத்தில் இருந்தோம். அவள் போட்டிருந்தது இரவல் சப்பாத்து. 'ஓடும்மா!' என்று கத்திய ஆசிரியைக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவள் முதலாவதாக வந்தாள்."

ஓர் ஆச்சரியக்குறி நிற்கிறது பாருங்கள். அங்கே ஒருவர் உண்மையிலேயே கத்தினார், அதனால் அதை வைத்தேன். கடைசி வாக்கியம் சின்னதாக இருப்பதும் வேண்டுமென்றேதான். நீள வாக்கியங்களுக்குப் பிறகு குட்டையாக ஒன்று வந்தால் படிக்கிறவர் அங்கே தானாக நிற்பார். நீங்கள் பெரிய எழுத்தால் செய்யப் பார்த்த வேலை அதுதான். மலாயில் எழுதும்போதும் அந்த வரியை மூன்று நான்கு சொல்லுக்குள் முடியுங்கள். அதோடு 'மிகவும்', 'பெருமையுடன்' என்று எதையும் ஒட்டாதீர்கள்.

உதவி கேட்கும் பத்தியில் குறியே கூடாது. கேட்கும் இடத்தில் கத்தினால் மிரட்டுவதுபோல் ஆகிவிடும். "ஆதரவு தாருங்கள்" என்பதை எடுத்துவிட்டு, நான்கு ஜோடி ஓட்டச் சப்பாத்து, ஒவ்வொரு பிள்ளையின் கால் அளவு, ஈப்போவில் கடையில் கேட்டு வந்த விலை, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுதுங்கள். ஆனால் இப்போது எடுத்த அளவை வைத்தே வாங்கிவிடாதீர்கள். அந்த வயதில் கால் வேகமாக வளரும், பணம் கைக்கு வந்த வாரத்தில் மறுபடி அளந்துவிட்டு வாங்குங்கள். கடிதத்தில் அளவுக்குப் பக்கத்தில் 'தற்போது' என்று ஒரு சொல் போட்டால் போதும்.