ல, ள, ழ குழப்பத்துக்கு எந்த நாநெகிழ் வாக்கியம் உதவும்?

"பெண்ணுக்கு 10 வயது, டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். ல, ள, ழ மூன்றும் ஒரே மாதிரிதான் வருகிறது. ‘ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல்’ தினமும் சொல்ல வைக்கிறோம். வேகமாகவே சொல்கிறாள், ஆனால் பேச்சில் மாற்றம் இல்லை. வேறு நல்ல வாக்கியம் இருந்தால் சொல்லுங்கள்."

அந்தக் கிழவனைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். ‘ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் சறுக்கி வழுவழுக்கிக் கீழே விழுந்தான்’ என்பதில் ழ 8 முறை வருகிறது, ள ஒருமுறை கூட இல்லை. ழ வராத குழந்தை எல்லா இடத்திலும் ல போட்டு, ‘ஏலைக் கிலவன் வாலைப்பலம்’ என்று தடங்கலே இல்லாமல் ஓட்டிவிடும். தப்பும் ஒரே சீராக வருவதால் நாக்குக்கு வேலையே இல்லை. வேகம் கூடுவதைப் பார்த்து நாமும் ‘வந்துவிட்டது’ என்று நினைத்துக்கொள்வோம்.

இந்தக் குழப்பத்துக்கு வேண்டியது, ஒரே வாக்கியத்துக்குள் நாக்கை இரண்டு மூன்று இடங்களுக்கு மாற்றி மாற்றி ஓட வைக்கும் வாக்கியம். ஆனால் அதற்கு முன்னால் அந்த இடங்கள் எவை என்று நாக்குக்குத் தெரிய வேண்டும். மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன்.

டெல்லிப் பிள்ளைகள் பள்ளியிலும் தெருவிலும் பேசும் இந்தியில் ல மட்டும்தான் உண்டு. பெங்களூரில் வளரும் பிள்ளைக்குக் கன்னடமும், மும்பையில் வளரும் பிள்ளைக்கு மராத்தியும் ள-வைக் காதில் போட்டுவிடும். இங்கே அந்த வசதி இல்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது. இந்தியில் குதிரைக்கு ‘கோடா’ என்கிறோமே, அதில் கடைசியில் வரும் டா. நாக்கு நுனி பின்னால் மடிந்து மேலண்ணத்தைத் தட்டிவிட்டு முன்னால் விழும் ஒலி அது. நமக்குத் தேவையான மடிப்பு அதிலேயே இருக்கிறது, பிள்ளைகள் அதைத் தினமும் நூறு முறை செய்கிறார்கள்.

‘கோடா’ என்று மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். நுனி மேலே தட்டும் இடத்திலேயே அதை நிறுத்தி, ஒட்டியபடியே குரலை விடச் சொல்லுங்கள். காற்று நாக்கின் இரண்டு பக்கமும் வெளியே வரும். அதுதான் ள். அதே மடிப்பில் நுனியை மேலண்ணத்திலிருந்து சற்றே இறக்கி, எதையும் தொடாமல் அந்தரத்தில் வைத்துக் குரலை விட்டால் ழ். அப்போது நாக்கின் ஓரங்கள் மட்டும் மேல் கடைவாய்ப் பற்களை ஒட்டியிருக்கும், காற்று நடுவில் போகும். ல-வுக்கு மடிப்பே கிடையாது, நுனி மேல்பல் வரிசைக்குப் பின்னால் ஒட்டினால் போதும்.

வாய்க்குள் நடப்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது, அதனால் ஒரு சோதனை. நாக்கை அந்த நிலையில் வைத்து, குரலை நிறுத்திவிட்டு, வாயால் காற்றை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். ல், ள் என்றால் நாக்கின் பக்கங்களில் சில்லென்று இருக்கும். ழ் என்றால் நடுவில் சில்லிடும். ‘சைடுலதான் ஜில்லுன்னு இருக்கு ஆன்ட்டி’ என்று பிள்ளை சொன்னால் நுனி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ழ வரவேண்டும் என்று ‘ல-வை நன்றாக அழுத்திச் சொல்’ என வீட்டில் சொல்லிக் கொடுப்பார்கள். அது வேண்டாம். அழுத்தினால் நுனி ஒட்டும், ஒட்டினால் ழ வராது. தொல்காப்பியம்கூட ழ-வை ர-வோடு சேர்த்து ஒரே நூற்பாவில் வைத்திருக்கிறது, ல-வும் ள-வும் சேர்ந்து வேறொரு நூற்பாவில். நாக்கு நுனி எங்கே ஒட்டுகிறது என்று தேடுகிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு உதவும்: ழ, ர-வின் உறவுக்காரன்.

சரி, இப்போது வாக்கியங்கள். மூன்றே மூன்றுதான், நானே கட்டியவை. முதலாவதில் ல-வும் ள-வும் மட்டும்:

புளியங்கிளையில் புலி, புலி மேலே கிளி, கிளிக்கு இல்லை கிலி, புலிக்கே கிலி.

இது வந்த பிறகு ள-வும் ழ-வும். இதில் ல வரவே வராது:

கிளி கிழித்த பழம் கீழே விழ, விழுந்த பழத்தைக் கிழவி அள்ள, அள்ளிய பழமும் புளித்ததே.

தகராறு ‘கிழித்த’, ‘கீழே’ இரண்டிலும்தான் வரும். இ, ஈ சொல்லும்போது நாக்கு முன்பக்கம் உயர்ந்திருக்கும், உடனே பின்னால் மடிய நேரம் போதாது. ஆ, ஊ-வுக்குப் பின்னால் இந்தச் சிரமம் குறைவு. (பிழைப்பு பேச்சில் ‘பொழப்பு’ ஆனதிலும் இந்தச் சோம்பலுக்குப் பங்கு உண்டு.) ஆகவே அங்கே தடுக்கினால் ‘ஆழம், வாழை, ஊழல்’ என்று தனிச் சொற்களில் கொஞ்சம் பழக்கி, அப்புறம் ‘கிழி’க்கு வாருங்கள்.

கடைசியாக மூன்றும் சேர்ந்தது:

தளை அறுத்த ஆடு தலை ஆட்டித் தழை தின்ன, தழை தீர்ந்ததும் தலை குனிந்து தளைக்கே வந்தது.

தளை, தலை, தழை என்று போய், அதே வழியில் தலைகீழாகத் திரும்பும். தளை என்றால் ஆட்டைக் கட்டும் கயிறு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பொருள் தெரியாமல் உருப்போட்டால் மூன்றும் மறுபடி ஒன்றாகிவிடும்.

வேகம் வேண்டாம். கையால் தாளம் தட்டி, ஒரு தட்டுக்கு ஒரு சொல். மூன்று முறை தொடர்ந்து பிசகாமல் வந்தால் தாளத்தைச் சற்று விரைவாக்குங்கள். பிசகினால் முந்தைய வேகத்துக்கே வந்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும், நாக்கு களைத்துவிட்டால் மடிப்பு தளர்ந்து பழைய ல-வே திரும்பி வரும்.

வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள எங்கள் வகுப்பில் ஒரு விளையாட்டு. ஒரு பையன் திரும்பி நின்று தலை, தளை, தழை மூன்றில் ஒன்றைச் சொல்வான். அவன் முகமோ உதடோ மற்றவர்களுக்குத் தெரியாது. கேட்டவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் காட்ட வேண்டும். தழை சொன்னவனுக்குப் பாதிப் பேர் இரண்டு விரல் காட்டினால், அவன் ழ இன்னும் ள-வாகத்தான் கேட்கிறது. எல்லாரும் சேர்ந்து ஒரே தப்பு விரலைக் காட்டும்போது பையனே திரும்பிப் பார்த்து ‘நான் தழைதான் சொன்னேன்!’ என்று கத்துவான். அடுத்த முறை நாக்கு தானாகவே இறங்கும். வீட்டில் இருவர்தான் என்றால் போனில் பதிவு செய்து, மறுநாள் அவளையே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் வீட்டில் ஒருவருக்காவது மூன்றும் வேறுபட்டு வர வேண்டும். நீங்களே ‘வாளப்பளம்’ என்று பேசுகிறவர் என்றால் (தமிழ்நாட்டிலேயே பல ஊர்களில் அப்படித்தான்), விரல் காட்டும் வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள். மேலும் இந்தியிலும் ல தெளிவாக வராத பிள்ளை, ‘கோடா’வே சரியாக வராத பிள்ளை என்றால் இது தமிழ்ப் பிரச்சினை இல்லை. முதலில் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடம் காட்டுங்கள்.