மூன்று முடிச்சில் இரண்டு என் கணக்கு

கேள்வி: அடுத்த வாரம் தம்பிக்குக் கல்யாணம். அன்றைக்குக் காலையில் அவனுக்கு ஒரு மெசேஜ் அனுப்ப ஆசை. எழுத உட்கார்ந்தால் ஒரே அழுகாச்சியாகப் போகிறது, இல்லாவிட்டால் வெறும் கிண்டலாகிவிடுகிறது. யாராவது அனுப்பியிருக்கிறீர்களா?

நான் அனுப்பியிருக்கிறேன். என்னைவிட நான்கு வயது சின்னவன் என் தம்பி. முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. முதல் நாள் ராத்திரி மண்டபத்து மாடி அறையில், சுற்றிலும் அத்தைமார்கள் குறட்டை விட, போனில் எழுதிப் பார்த்தேன். முதலில் வந்தது, "நீ பிறந்த அன்றைக்கு உன்னைக் கையில் வாங்கியபோது" என்று தொடங்கும் ஒரு நீளமான கடிதம். எழுதும்போதே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. திரும்பப் படித்தால் அதில் அவனே இல்லை. எந்த அக்காவும் எந்தத் தம்பிக்கும் அனுப்பக்கூடியது. அழித்துவிட்டேன்.

அடுத்து வெறும் கிண்டல். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையின் போன் மாப்பிள்ளையிடம் இருக்காது. பட்டு வேட்டியில் ஏது பை? தோழன் கையில் இருக்கும், இல்லையென்றால் சித்தப்பா மகன் கையில். யாராவது சத்தமாகப் படிப்பார்கள், பெண் வீட்டார் பக்கத்திலேயே நிற்பார்கள். அதனால் அவனுடைய கல்லூரிக் கால விவகாரம் ஒன்றை வைத்து எழுதியிருந்த இரண்டு வரியை எடுத்துவிட்டேன். (நல்ல வரிகள். இன்னும் மனசு கேட்கவில்லை.)

அப்புறம்தான் தோன்றியது: பெருமையையும் கிண்டலையும் தனித்தனியாக ஏன் தேட வேண்டும்? இரண்டும் ஒன்றாக நடந்த ஒரு நாள் இருந்தால் போதுமே. எங்களுக்கு அப்படி ஒரு நாள் இருந்தது. என் பிரசவத்தின்போது ரத்தம் தேவைப்பட்டது. அப்போது அவனுக்கு இருபத்தொரு வயது. ஊசி என்றாலே காய்ச்சல் வந்துவிடும் அவனுக்கு. அவன்தான் போய்ப் படுத்தான்.

இதோ, விடிகாலை நாலே காலுக்கு நான் அனுப்பியது:

"டேய், எழுந்தாச்சா? எழுந்திருக்க மாட்டாய், யாராவது தண்ணீர் தெளித்திருப்பார்கள். இன்றைக்கு எல்லாரும் உன்னை வீரன் மாதிரி உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள். எனக்குத் தெரிந்த வீரன், 350 மில்லி ரத்தம் கொடுத்துவிட்டு, எழுந்து ரெண்டு அடி நடந்து, நர்ஸ் மேலேயே மயங்கி விழுந்தவன். கண் முழித்ததும் 'அக்காவுக்கு எப்படி இருக்கு' என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சில் 'இன்னொரு ஜூஸ் கிடைக்குமா' என்று கேட்டானாம். அந்த நர்ஸ் வந்து சொன்னபோது சிரித்துச் சிரித்து எனக்குத் தையல் வலித்தது. அப்புறம் அவர் போனதும் அழுதேன். அதை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ தலையில் ஏறி உட்காருவாய்.

உன்னைக் கட்டிக்கொள்கிறவள் நல்லவள். உன்னைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டேன், அப்படியும் சம்மதித்திருக்கிறாள்.

மேடையில் முதல் முடிச்சை மட்டும் ஒழுங்காகப் போடு. மீதி இரண்டும் என் கணக்கு. ஏழாவது வரைக்கும் உன் ஷூ லேஸைக் கட்டிவிட்டவள் நான். அதே ரெட்டை முடிச்சு, அவிழாது."

எங்கள் பக்கம் நாத்தனார் முடிச்சு உண்டு. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, பின்னால் நிற்கிற அக்காவோ தங்கையோ மற்ற இரண்டையும் போடுவார்கள். கடைசி வரி எனக்கு அங்கிருந்துதான் கிடைத்தது. உங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லையென்றால் வேறு ஏதாவது இருக்கும். நீங்கள் பெண்ணுக்கு அண்ணனோ தம்பியோ என்றால், பல வீடுகளில் அவள் கையில் பொரி அள்ளிப் போடுவது உங்கள் வேலை. அன்றைக்கு உங்கள் கை செய்யப்போகிற காரியம் எதுவோ, அதைக் கொண்டுவந்து கடைசியில் வையுங்கள். "உன்மேல் எவ்வளவு பாசம் தெரியுமா" என்று தனியாக ஒரு வரி எழுதும் சங்கடம் மிச்சம். அறிவுரையும் வேண்டாம், அதைச் சொல்ல மண்டபத்தில் நாற்பது மாமாக்கள் இருப்பார்கள்.

என் தம்பி ப்ளூ டிக்கை அணைத்து வைத்திருக்கிற ஆள். ஐந்து மணி ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று, பதிலே இல்லை. படிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். மேடையில் கெட்டிமேளம் கொட்ட, முதல் முடிச்சைப் போட்டுவிட்டு அவன் கையை எடுத்தான். நான் குனிந்து தாலிச் சரட்டைப் பிடித்தேன். என் கை நடுங்கியது. தலை திருப்பாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"அக்கா, ரெட்டை முடிச்சு."

கல்யாண ஆல்பத்தில் அந்தப் படத்தில் மட்டும் நான் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருப்பேன். மை முழுக்கக் கன்னத்தில்.